ஒரே மொழிபெயர்ப்புக்கு மூன்று மதிப்பெண்கள்: தொழில்நுட்பக் கையேட்டைப் பிழைவகையும் கடுமையும் கொண்டு மதிப்பிடும் முறை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் பயன்படுத்துவதற்காக, ஏர் கம்ப்ரசர் ஒன்றின் பராமரிப்புக் கையேடு ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்டு மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. மூலத்தில் ஏறத்தாழ 12,000 சொற்கள். அதிலிருந்து 1,200 சொற்களை மாதிரியாக எடுத்து, பிழைகளை வகைப்படுத்தி, எடை கொடுத்துக் கூட்டியபோது நூற்றுக்கு 97.92 கிடைத்தது. அதே மாதிரியை அச்சுக்குப் போகும் வடிவத்தில் பார்த்தபோது 95.83 ஆயிற்று. பட்டறையில் வேலை செய்யும் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்ட பிறகு 94.17 ஆயிற்று. மொழிபெயர்ப்பாளர் எழுதியதில் ஓர் எழுத்துகூட இதற்கிடையில் மாறவில்லை. மாறியவை, நாங்கள் எதைப் பார்த்தோம் என்பதும், ஒரு பிழையின் கடுமையை யாரைக் கேட்டு முடிவு செய்தோம் என்பதுமே. மதிப்பீட்டின் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே கையேட்டைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எந்த அளவுகோலை எடுப்பது

பிழையை எண்ணி எடை போடும் முறைகளில் இரண்டை அறிந்திருந்தால் போதும். முதலாவது, அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 2001-இல் வெளியிட்ட எஸ்ஏஇ ஜே2450. வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்காக உருவான இதில் ஏழே பிழைவகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் 'தீவிரம்', 'சிறியது' என இரண்டு நிலைகள். தவறான கலைச்சொல் தீவிரமானதாக இருந்தால் 5 புள்ளி, சிறியதாக இருந்தால் 2 புள்ளி. நிறுத்தக்குறிப் பிழைக்கு 2 அல்லது 1. நடையை இம்முறை கணக்கிலேயே எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் தீவிரமானது என்றே குறிக்க வேண்டும் என்ற அதன் விதி, இயந்திரக் கையேடுகளைப் பொறுத்தவரை மிகச் சரியானது என்பது என் கருத்து.

இரண்டாவது எம்க்யூஎம் எனப்படும் பல்பரிமாணத் தர அளவீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் உருவாகி, பின்னர் விரிவாக்கப்பட்டது. கலைச்சொல், துல்லியம், மொழி மரபு, நடை, வட்டார வழக்கம், வாசகருக்குப் பொருத்தம், வடிவமைப்பு என ஏழு பெரும்பிரிவுகள் அதில் உள்ளன. அவற்றின் கீழே உட்பிரிவுகள் ஏராளமாக இருந்தாலும், தேவையானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. கடுமைக்கு நான்கு படிகள்: நடுநிலைக்கு 0, சிறு பிழைக்கு 1, பெரும் பிழைக்கு 5, அபாயப் பிழைக்கு 25.

இந்தக் கையேட்டுக்கு எம்க்யூஎம்மையே எடுத்தேன். காரணம் ஒன்றுதான்: பக்க வடிவமைப்பில் ஏற்படும் பிழைக்கு ஜே2450-இல் தனி இடம் கிடையாது. தமிழில் அந்த வகை எவ்வளவு முக்கியம் என்பது சற்று நேரத்தில் தெரியும். உட்பிரிவுகளில் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இருபதுக்கு மேல் போனால் மதிப்பிடுபவர் பிழையைத் தேடுவதை விட்டுவிட்டு வகையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

முதல் படி: படிக்கத் தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

எடைகள், தேர்ச்சி வரம்பு, எண்ணும் விதிகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பைத் திறப்பதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். பிழைகளைப் பார்த்த பிறகு எடையை நிர்ணயித்தால், விரும்பிய முடிவுக்கு எண்ணை வளைப்பது மிக எளிது. நாணயமானவர்களுக்கும் இது தம்மையறியாமல் நேரும்.

தேர்ச்சி வரம்பாக, ஆயிரம் மூலச் சொற்களுக்கு 25 பிழைப்புள்ளி என்று வைத்தோம். நூற்றுக்கணக்கில் சொன்னால் 97.5. பள்ளித் தேர்வுப் பழக்கத்தில் 95 என்பது உயர்ந்த மதிப்பெண்ணாகத் தோன்றும். இங்கே அது ஆயிரம் சொல்லுக்கு 50 புள்ளி, அதாவது ஏறத்தாழ நான்கு பக்கத்தில் பத்துப் பெரும் பிழைகள். ஆகவே வரம்பை உள்ளுணர்வால் வைக்கக் கூடாது. களத்தில் ஏற்கப்பட்ட பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றையும், திருப்பி அனுப்பப்பட்டவை சிலவற்றையும் எடுத்து, இதே எடைகளால் மதிப்பிட்டு, இரு கூட்டமும் எந்த எண்ணருகே பிரிகின்றன என்று பார்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது வகுக்கும் எண். இது மூலத்தின் சொல் எண்ணிக்கையாகவே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் முன்னிடைச் சொற்களும் துணைவினைகளும் தமிழில் உருபுகளாகவும் விகுதிகளாகவும் சொல்லோடு ஒட்டிவிடுவதால், அதே செய்தி குறைந்த சொற்களில் முடிந்துவிடுகிறது. எங்கள் மாதிரியில் 1,200 ஆங்கிலச் சொற்கள் 910 தமிழ்ச் சொற்களாயின. முதற்சுற்றில் கிடைத்த 25 பிழைப்புள்ளியை 1,200-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 20.8, 910-ஆல் வகுத்தால் 27.5. முதலாவது தேர்ச்சி, இரண்டாவது தோல்வி. ஒரே பணியை இந்தி, தமிழ், ஜெர்மன் என்று பல மொழிகளில் ஒப்பிடும் நிறுவனங்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒவ்வொரு முறையும் அநீதி நடக்கும்.

எண்ணும் விதிகளில் முக்கியமானது, திரும்பத் திரும்ப வரும் பிழையைப் பற்றியது. ஒரே தவறான கலைச்சொல் ஆறிடத்தில் வந்தால் அது ஒரு முடிவின் விளைவு. ஒருமுறைதான் எண்ண வேண்டும், மற்ற ஐந்து இடங்களையும் திருத்தத்துக்காகக் குறித்துக்கொடுத்தால் போதும். ஆனால் ஆறு வெவ்வேறு எண்கள் தவறாக இருந்தால் அவை ஆறு தனிப் பிழைகள்.

இரண்டாம் படி: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் நான்கு பக்கங்களை எடுத்து மதிப்பிடுவது பரவலான வழக்கம். கையேட்டின் முதல் பக்கங்களில் அறிமுகமும் உரிமைக் குறிப்பும்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளரும் அங்கேதான் மிகவும் கவனமாக இருந்திருப்பார். நாங்கள் எச்சரிக்கைப் பகுதியிலிருந்து 300 சொற்களும், கழற்றிப் பூட்டும் செய்முறையிலிருந்து 700 சொற்களும், அளவு அட்டவணைகளிலிருந்து 200 சொற்களும் எடுத்தோம்.

மாதிரி மிகச் சிறியதாக இருந்தால் மதிப்பெண்ணுக்குப் பொருளே இருக்காது. 300 சொற்களில் ஒரு பெரும் பிழை இருந்தால் ஆயிரத்துக்கு 16.7 புள்ளி, அடுத்த 300 சொற்களில் பிழையே இல்லாவிட்டால் சுழி. ஒரே மொழிபெயர்ப்பாளர், ஒரே நாள் வேலை. ஆகவே ஆயிரம் சொற்களுக்குக் கீழே மதிப்பெண் போடாமல், பிழைகளை மட்டும் எழுதித் தருவதே நேர்மையானது.

மூன்றாம் படி: வகை எங்கே பிறந்தது, கடுமை எங்கே முடிகிறது

ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இது எதனால் வந்தது என்பது வகையைத் தருகிறது. இதைப் படித்துவிட்டு ஒருவர் இயந்திரத்தின் முன் நின்றால் என்ன ஆகும் என்பது கடுமையைத் தருகிறது. இரண்டையும் கலந்துவிடுவதுதான் நான் கண்ட குழப்பங்களில் முக்கால் பங்குக்குக் காரணம். எழுத்துப்பிழை என்றாலே சிறு பிழை, துல்லியப் பிழை என்றாலே பெரும் பிழை என்று ஒரு தன்னியக்கம் வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மூடியைக் கழற்றும் முன் 'அழுத்தத்தைக் குறைக்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'அழுத்தத்தைக் குறிக்கவும்' என்று தட்டச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓர் உயிர்க்குறி மட்டுமே பிசகியிருக்கிறது. பிறப்பைப் பார்த்தால் இது எழுத்துப்பிழைதான். ஆனால் பிழைதிருத்தியில் சிவப்புக்கோடு விழாது, வாக்கியமும் இயல்பாகவே ஒலிக்கும். படிப்பவர் அழுத்தமானியைப் பார்த்து எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, அழுத்தம் நிறைந்த தொட்டியைத் திறக்கப் போவார். வகை மொழி மரபு, கடுமை அபாயம். அதே எழுத்துப்பிழை ஒரு தலைப்பில் 'பராமரிப்பு' என்பதைப் 'பராமறிப்பு' ஆக்கியிருந்தால் சிறு பிழை, அவ்வளவுதான்.

கலைச்சொல்லுக்கும் இதே சோதனைதான். இந்தக் கையேட்டில் அழுத்தம் மிகும்போது தானாகத் திறந்து காற்றை வெளியேற்றும் வால்வு 'அழுத்த நிவாரண வால்வு' என்று ஆறிடங்களில் வந்திருந்தது. அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'நிவாரணம்' என்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளத்தைக் கண்ட சென்னையில் நிவாரணம் என்றால் அரிசியும் போர்வையும்தான் நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் தந்த சொற்பட்டியலில் 'பாதுகாப்பு வால்வு' என்று தெளிவாக இருந்தது; இயந்திரத்தின் மேலுள்ள தகட்டிலும் அதே சொல். கையேட்டில் ஒரு பெயரும் தகட்டில் வேறு பெயரும் இருந்தால், மாதந்தோறும் சோதிக்க வேண்டிய வால்வு எது என்று தெரியாமல் போகும். பெரும் பிழை, 5 புள்ளி, ஒருமுறை.

எதிர்த்திசையிலும் கட்டுப்பாடு தேவை. சொற்பட்டியலில் 'முறுக்குவிசை' என்று இருக்கிறது, பட்டறையில் 'டார்க்' என்கிறார்கள். எனக்கும் 'டார்க்' என்பதே பிடித்திருக்கலாம். ஆனால் கொடுத்த பட்டியலைப் பின்பற்றிய மொழிபெயர்ப்பாளரிடம் அதற்காகப் புள்ளியைப் பிடிக்க முடியாது. அதை நடுநிலை என்று குறித்து, 0 புள்ளி போட்டு, பட்டியலைத் திருத்தும்படி வாடிக்கையாளருக்குப் பரிந்துரைக்க வேண்டும். 'பரிசோதிக்கவும்' என்பதைச் 'சரிபார்க்கவும்' என்று மாற்றும் ஆசையும் இதே வகையைச் சேர்ந்தது. எந்த விதியை, எந்தப் பட்டியலை, மூலத்தின் எந்தச் சொல்லை மீறியது என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் அது பிழையல்ல, மதிப்பிடுபவரின் விருப்பம்.

ஒற்றுப்பிழையை என்ன செய்வது

தமிழ் மதிப்பீட்டில் தனியாகப் பேச வேண்டியது இது. 'வடிகட்டியைக் கழற்றவும்' என்பதில் க் விடுபடுவது போன்றவை 1,200 சொற்களில் பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றும் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. வல்லினம் மிகுமிடம் தெரியாமல் எழுதுவதை நான் இலேசாக எடுத்துக்கொள்பவனும் அல்லன். ஆனால் இவை கண்ணுக்கு உடனே படுபவை. தமிழ் நன்கு கற்ற மதிப்பீட்டாளர் இவற்றைக் குறித்துக்கொண்டே போகும்போது கண்ணுக்குப் படாத எண் பிழை நழுவிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கையேட்டில் நானே நாற்பதுக்கு மேற்பட்ட ஒற்றுகளைத் திருத்திவிட்டு, 'மேல்' என்பது 'கீழ்' என்று இருந்ததைக் காணாமல் விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து இரண்டு சுற்றாகப் படிக்கிறேன்: முதற்சுற்றில் எண், அலகு, எதிர்மறை, கட்டாயம், கலைச்சொல் ஆகியவை மட்டும், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டாம் சுற்றில் மொழி.

எடையிலும் இதற்கு வழி உண்டு. கடுமை எடையோடு வகைக்கும் தனி எடை தரலாம். பட்டறைக் கையேட்டில் பொருளை மாற்றாத ஒற்றுப்பிழைக்கு 0.5 என்று முன்கூட்டியே வைத்தோம். ஆகவே பதினான்குக்கு 7 புள்ளி. பாடநூலாகவோ பொதுமக்களுக்கான வெளியீடாகவோ இருந்திருந்தால் 1 என்றே வைத்திருப்பேன். இந்த ஒரு முடிவால் மொத்தம் 25-க்குப் பதில் 32 ஆகி, ஆயிரத்துக்கு 26.7 என்று வரம்பைத் தாண்டியிருக்கும். எடைகளை முன்பே எழுதி வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

நான்காம் படி: கூட்டல்

முதற்சுற்றின் முடிவில் தாள் இப்படி இருந்தது.

| பிழை | வகை | கடுமை | எண்ணிக்கை | கடுமை எடை | வகை எடை | புள்ளி |
|---|---|---|---|---|---|---|
| முறுக்குவிசை 25 என்பது 52 ஆனது | துல்லியம் | பெரும் பிழை | 1 | 5 | 1 | 5 |
| 'மாற்ற வேண்டும்' என்பது 'மாற்றலாம்' ஆனது | துல்லியம் | பெரும் பிழை | 1 | 5 | 1 | 5 |
| நிவாரண வால்வு | கலைச்சொல் | பெரும் பிழை | 1 | 5 | 1 | 5 |
| ஒற்றுப்பிழைகள் | மொழி மரபு | சிறு பிழை | 14 | 1 | 0.5 | 7 |
| புரியத் தாமதமாகும் வாக்கியங்கள் | நடை | சிறு பிழை | 3 | 1 | 1 | 3 |

விரிதாளில் எண்ணிக்கை D, கடுமை எடை E, வகை எடை F ஆகிய நிரல்களில் இருந்தால் கணக்கு மூன்றே வரிகள். H1-இல் மொத்தப் புள்ளியும், H2-இல் மூலச் சொல் எண்ணிக்கையும், H3, H4 ஆகியவற்றில் ஆயிரத்துக்கான புள்ளியும் மதிப்பெண்ணும் வரும்.

```
H1: =SUMPRODUCT(D2:D40,E2:E40,F2:F40)
H2: 1200
H3: =H1/H2*1000
H4: =(1-H1/H2)*100
```

மொத்தம் 25, ஆயிரத்துக்கு 20.83, மதிப்பெண் 97.92. வரம்புக்குள் வந்துவிட்டது. இருமொழிக் கோப்பை மட்டும் பார்க்கும் வழக்கமான மதிப்பீடு இங்கேயே முடிந்து, சான்றிதழும் போயிருக்கும்.

ஐந்தாம் படி: அச்சு வடிவத்தில் மீண்டும் ஒரு முறை

மொழிபெயர்ப்புக் கருவியில் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழும் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே 'இயங்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது' என்ற எச்சரிக்கை பிழையின்றி இருந்தது. அச்சுக்கான பக்கத்தில் அது ஒரு மஞ்சள் பெட்டிக்குள் இரண்டு வரியில் அமைய வேண்டும். பெட்டியின் அளவு ஆங்கிலத்துக்காக நிர்ணயிக்கப்பட்டது. தமிழ் வாக்கியம் மூன்றாவது வரிக்கு வழிந்து, அந்த வரி பெட்டிக்கு வெளியே மறைந்துவிட்டது. எஞ்சியது: 'இயங்கும்போது மூடியைத் திறக்கக்'. அடுத்து ஏதோ ஒரு சொல் இருந்தது என்பதற்கு அந்த வாக்கியத்தின் ஓரத்தில் தனியாக நின்ற க் மட்டுமே சாட்சி.

ஆங்கிலத்தில் விலக்கும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறது. கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் 'செய்யாதே' என்பது கண்ணில் பட்டுவிடும். தமிழில் எதிர்மறை வினைமுற்றில், அதாவது வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. வெட்டு எங்கே விழுந்தாலும் முதலில் பலியாவது 'கூடாது', 'வேண்டாம்', 'இல்லை' ஆகியவையே. ஆகவே, தமிழில் எழுத்துவெட்டு என்பது அழகுக் குறைபாடு மட்டுமல்ல. அது விலக்கைக் கட்டளையாக்கிவிடக்கூடியது. இதை வடிவமைப்பு வகையில் அபாயப் பிழையாகக் குறித்தோம்: 25 புள்ளி. மொத்தம் 50, ஆயிரத்துக்கு 41.67, மதிப்பெண் 95.83.

இங்கேதான் வகைப்படுத்தலின் பயன் தெரிகிறது. இந்தப் பிழை மொழிபெயர்ப்பாளருடையது அல்ல. ஆவணத்தின் மதிப்பெண் 95.83, மொழிபெயர்ப்பாளரின் பணிக்கான மதிப்பெண் வடிவமைப்பு வகையை நீக்கி 97.92. இரண்டையும் தனித்தனியே அறிக்கையில் எழுத வேண்டும்; இல்லையென்றால் பக்கம் அமைத்தவரின் தவறுக்கு மொழிபெயர்ப்பாளரின் கூலி பிடிக்கப்படும். அதே நேரத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பும் கொடுக்கலாம்: பெட்டிக்குள் அடங்க வேண்டிய எச்சரிக்கையில் 'திறக்கக் கூடாது' என்பதைவிடத் 'திறக்காதீர்' நல்லது. எதிர்மறை வினைக்குள்ளேயே அமைந்துவிடுவதால் அதைத் தனியே வெட்ட முடியாது.

அபாயப் பிழைக்கு ஒரு தனி வாசல்

அபாயப் பிழை ஒன்று இருந்தாலே, மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் ஆவணம் தோல்வி என்று விதி வைக்க வேண்டும். 25 என்ற எடை பெரியதாகத் தெரியலாம். ஆனால் மாதிரியை எடுக்காமல் முழு 12,000 சொற்களையும் மதிப்பிட்டிருந்தால் அந்த 25 புள்ளி ஆயிரத்துக்கு வெறும் 2.08 ஆகிக் கரைந்திருக்கும். ஆவணம் நீண்டால் அபாயம் குறைவதில்லை, மூடியைத் திறப்பவரின் கையில் படும் காற்று அதேதான். சராசரி கணக்கு கவனமின்மையை அளக்க உதவும். உயிருக்கு ஆபத்தான ஒற்றைப் பிழையை அளக்க உதவாது. அதற்கு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி மட்டுமே பொருந்தும்.

ஆறாம் படி: இருவர் தனித்தனியே, பிறகு களத்தில் ஒருவர்

மதிப்பீட்டை ஒருவர் மட்டும் செய்யக் கூடாது. மாதிரியில் 300 சொற்களை நானும் என் சக மதிப்பீட்டாளர் ஒருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறித்தோம். வகையில் சிற்சில வேறுபாடுகள் வந்தன. அவை மதிப்பெண்ணைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கடுமையில் வந்த ஒரே வேறுபாடுதான் எல்லாவற்றையும் மாற்றியது. சிலிண்டர் தலையைப் பூட்டும் எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் என்று இருக்க வேண்டியது 52 என்று இலக்கம் இடம்மாறியிருந்தது. நான் பெரும் பிழை என்றேன்: இறுக்கும்போதே போல்ட் முறிந்துவிடும், வேலை கெடும், அவ்வளவே என்பது என் வாதம். அவர் அபாயம் என்றார். ஜே2450-இன் விதிப்படி சந்தேகத்தில் கடுமையானதை எடுத்திருக்கலாம். ஆனாலும் தெரிந்தவரைக் கேட்பதே மேல் என்று, அம்பத்தூரில் இருபது ஆண்டுகளாக கம்ப்ரசர் பழுதுபார்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"முறிஞ்சா கவலையே இல்ல சார், உடனே தெரிஞ்சிடும்," என்றார். "முறியாம இழுத்துக்கிட்டு நிக்கும் பாருங்க, அதுதான் வில்லங்கம். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஓடிட்டிருக்கறப்போ புட்டுக்கும்."

8.8 வலிமை வகுப்பு எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவை ஒட்டியதுதான். 52 அதன் இரு மடங்குக்கும் மேல். மீள்நிலையைக் கடந்து இழுபட்ட போல்ட், வெளியே எதையும் காட்டாமல் நிற்கும் என்பது நான் யோசிக்காத செய்தி. நான் மொழியை வைத்து விளைவை ஊகித்தேன், அவர் போல்ட்டை வைத்துச் சொன்னார். அதை அபாயப் பிழையாக மாற்றினோம். 5 போய் 25 வந்தது. மொத்தம் 70, ஆயிரத்துக்கு 58.33, மதிப்பெண் 94.17. மொழிபெயர்ப்பாளரின் பணிக்கான தனி மதிப்பெண்ணும் இப்போது 96.25 ஆகி வரம்புக்குக் கீழே இறங்கியது. அபாயப் பிழை இருப்பதால் அது எப்படியும் தோல்விதான்.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட நடைமுறை ஒன்று: எண், அலகு, வரிசைமுறை ஆகியவற்றில் வரும் பிழைகளின் கடுமையை மொழிக்காரர்கள் இருவர் மட்டும் பேசி முடிவு செய்வதில்லை. அந்த இயந்திரத்தைத் தொடுபவர் ஒருவரின் சொல் தாளில் பதிவாக வேண்டும். மாதிரிக்கு ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடலே இதற்குப் போதும்.

அறிக்கையும் மறுமதிப்பீடும்

அறிக்கையில் மதிப்பெண் கடைசியில் வரட்டும். முதலில் அபாயப் பிழைகள், ஒவ்வொன்றுக்கும் பக்க எண், மூல வாக்கியம், வந்துள்ள மொழிபெயர்ப்பு, சரியான வடிவம், யார் திருத்த வேண்டும் என்ற குறிப்பு. எங்கள் அறிக்கையில் முறுக்குவிசையும் 'மாற்றலாம்' என்பதும் மொழிபெயர்ப்பாளருக்குப் போயின. நிவாரண வால்வு அவருக்கும், சொற்பட்டியல் அவர் கருவியில் ஏற்றப்பட்டிருந்ததா என்று பார்க்கப் பணி ஒருங்கிணைப்பாளருக்கும் போயிற்று. மஞ்சள் பெட்டி பக்கம் அமைத்தவருக்குப் போயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு மறுப்புச் சொல்ல மூன்று நாள் கொடுத்தோம். மூன்று நடைக் குறிப்புகளில் ஒன்றை அவர் மறுத்தார். மூலத்திலேயே வாக்கியம் குழம்பியிருப்பதைக் காட்டினார். அவர் சொன்னது சரி. 1 புள்ளியை எடுத்துவிட்டோம்.

திருத்தம் வந்த பிறகு அதே 1,200 சொற்களை மீண்டும் மதிப்பிடக் கூடாது. சுட்டிக்காட்டிய இடங்கள் எப்படியும் சரியாகியிருக்கும். அதில் 99 வருவது கையேட்டைப் பற்றி எதையும் சொல்லாது. வேறு பகுதிகளிலிருந்து புதிதாக 1,200 சொற்களை எடுத்தோம். பதினோர் ஒற்றுப்பிழைகள், இரண்டு நடைத் தடுமாற்றங்கள், ஒரு பெரும் பிழை: மொத்தம் 12.5 புள்ளி, ஆயிரத்துக்கு 10.42, மதிப்பெண் 98.96. எண் அட்டவணைகளையும் எச்சரிக்கைப் பெட்டிகளையும் மட்டும் மாதிரி எடுக்காமல் முழுவதுமாகப் பார்த்தோம். 52 போல இலக்கம் இடம்மாறியது இன்னும் ஒன்று இருந்தது, எண்ணெய் அளவில். மஞ்சள் பெட்டிகள் முப்பத்துநான்கையும் அச்சுப்படியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தோம்; முதலில் வெட்டுப்பட்டிருந்த பெட்டியில் இப்போது 'இயங்கும்போது மூடியைத் திறக்காதீர்' என்று இரண்டே வரியில், ஓரத்தில் இடம் மிச்சம் வைத்து நின்றது.